என் செயலை யார் படைத்தது? விதியும் விருப்பமும் பற்றி இஸ்லாத்தின் ஆரம்பகால விவாதம்

மதரஸாவுக்குப் போன பிள்ளைகளுக்கு ஈமானின் ஆறு அம்சங்கள் மனப்பாடமாக இருக்கும். அல்லாஹ், மலக்குகள், வேதங்கள், நபிமார்கள், மறுமை நாள் என்று வரிசையாகப் போய், கடைசியாகக் களா கத்ர் வரும். நன்மை, தீமை எல்லாம் அல்லாஹ்வின் ஏற்பாட்டின்படியே நடக்கின்றன என்று நம்புவதுதான் அது. சரி, எல்லாம் முன்பே எழுதியாகிவிட்டது என்றால் நான் செய்யும் தவறுக்கு எனக்கு எதற்குத் தண்டனை? கொஞ்சம் யோசிக்கிற பிள்ளை எவரும் இதைக் கேட்டுவிடும். இதே கேள்வியை ஹிஜ்ரி முதல் நூற்றாண்டிலேயே பஸ்ரா நகரத்தில் உரக்கக் கேட்டார்கள். கேட்டவர்களில் சிலர் அரசாங்கத்தின் கையால் உயிரையும் விட்டார்கள். இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் நீண்ட அந்த விவாதத்தில் யார் எதைச் சொன்னார்கள், ஏன் சொன்னார்கள் என்று பார்ப்போம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ஒரு தரப்பு பகுத்தறிவை வைத்துக்கொண்டு வேதத்தைக் கைவிட்டது, மறு தரப்பு வேதத்தை வைத்துக்கொண்டு யோசிப்பதைக் கைவிட்டது என்று பலர் இதைச் சுருக்கிவிடுகிறார்கள். நடந்தது அப்படி இல்லை. இரு தரப்பும் குர்ஆனைத்தான் ஓதின. "விரும்பியவர் நம்பட்டும், விரும்பியவர் மறுக்கட்டும்" என்ற கருத்துடைய வசனம் (18:29) ஒரு தரப்பின் கையில் இருந்தது. "அல்லாஹ் நாடினாலன்றி நீங்கள் நாடமாட்டீர்கள்" என்பது (76:30) மறு தரப்பின் கையில். இரண்டும் ஒரே வேதத்தில் இருக்கின்றன. ஒன்றை அப்படியே எடுத்துக்கொண்டால் மற்றதற்கு விளக்கம் சொல்லியாக வேண்டும். எதை அப்படியே எடுப்பது, எதை விளக்குவது என்பதில்தான் சண்டை.

நபிகள் நாயகத்தின் (ஸல்) தோழர்கள் காலத்தில் இது கோட்பாடாக உருவெடுக்கவில்லை. ஆனால் கேள்வி அப்போதே எட்டிப் பார்த்தது. ஹிஜ்ரி 18 வாக்கில் சிரியா, பாலஸ்தீனப் பகுதியில் அம்வாஸ் கொள்ளைநோய் பரவியது. கலீஃபா உமர் சிரியாவுக்குப் பயணம் வந்தவர், ஸர்க் என்ற இடத்தில் நோய்ச் செய்தி கேட்டுத் திரும்பிப் போக முடிவெடுத்தார். படைத்தளபதி அபூ உபைதா, "அல்லாஹ்வின் விதியை விட்டா ஓடுகிறீர்கள்?" என்று கேட்டார். "ஆம், அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதியை நோக்கித்தான் ஓடுகிறோம்" என்றார் உமர். ஒட்டகங்களோடு ஒரு பள்ளத்தாக்கில் இறங்குகிறீர், ஒரு பக்கம் பசுமை, மறு பக்கம் வறட்சி. பசுமையான பக்கம் மேய்த்தாலும் விதிதான், வறண்ட பக்கம் மேய்த்தாலும் விதிதான் என்று உதாரணமும் காட்டினார். இது இமாம் புகாரியின் ஹதீஸ் தொகுப்பிலேயே இருக்கிறது. உமரின் பதில் நடைமுறைக்குப் போதுமானது. விதி இருக்கிறது, ஆனாலும் மேய்ப்பவன் கண்ணைத் திறந்து பக்கத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆனால் அந்தத் தேர்வை யார் உண்டாக்கியது என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை.

அதைக் கேட்க வைத்தது அரசியல். உமையா கலீஃபாக்களின் ஆட்சியில் இரத்தம் சிந்தியது, பொருள்கள் பறிபோயின. ஆட்சியாளர்களோ, தங்கள் ஆட்சி அல்லாஹ்வின் விதிப்படி வந்தது என்று பேசினார்கள். மஅபத் அல்ஜுஹனீ என்பவர் பஸ்ராவின் பெரிய ஆசானான ஹஸன் அல்பஸ்ரீயிடம் வந்து, "இந்த அரசர்கள் முஸ்லிம்களின் இரத்தத்தைச் சிந்துகிறார்கள், சொத்துகளைப் பறிக்கிறார்கள், கேட்டால் எங்கள் செயலெல்லாம் இறைவிதிப்படிதான் நடக்கிறது என்கிறார்களே" என்று முறையிட்டதாகவும், "இறைவனின் விரோதிகள் பொய் சொல்கிறார்கள்" என்று ஹஸன் பதிலளித்ததாகவும் ஒரு செய்தி உண்டு. கொடுமை செய்தவனே அதற்குப் பொறுப்பு என்று சொன்னால்தான் கொடுங்கோலனைக் கேள்வி கேட்க முடியும். மனித சுதந்திரம் பற்றிய பேச்சு பிறந்த இடம் இதுதான் என்பது என் எண்ணம். வெறும் தத்துவ ஆர்வம் மட்டும் என்றால் இவ்வளவு சூடு இருந்திருக்காது. மஅபத் ஒரு கிளர்ச்சியில் சேர்ந்து, பிறகு கொல்லப்பட்டார். அதே கருத்தைப் பேசிய கைலான் என்பவரை டமாஸ்கஸில் கலீஃபா ஹிஷாமின் ஆட்சியில் கொன்றார்கள்.

இந்தக் குழுவுக்குக் கதரிய்யா என்று பெயர் விழுந்தது. விதியை மறுத்தவர்களுக்கு விதியின் பெயராலேயே பட்டம் என்பதால் புதிதாகப் படிப்பவர்கள் குழம்புவார்கள், கவனம் வேண்டும். இவர்களில் மிகக் கடுமையானவர்கள், காரியம் நடக்கும்போதுதான் புதிதாகத் தீர்மானமாகிறது, அதற்கு முன் எதுவும் முடிவாகவில்லை என்றார்கள். அப்படியானால் இறைவனுக்கே அது முன்கூட்டித் தெரியாது என்றாகிறது. இந்தச் செய்தியோடு பஸ்ராவிலிருந்து கிளம்பிய இரண்டு பேர் நபித்தோழர் அப்துல்லாஹ் இப்னு உமரைச் சந்தித்தார்கள். எனக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை என்று சொல்லுங்கள் என்றார் அவர். உஹது மலையளவு தங்கத்தை ஒருவர் தர்மம் செய்தாலும் விதியை நம்பாதவரை அது ஏற்கப்படாது என்றும் சொன்னார். இமாம் முஸ்லிமின் ஹதீஸ் தொகுப்பில், ஈமானின் ஆறு அம்சங்களைச் சொல்லும் புகழ்பெற்ற ஹதீஸ் இந்தச் சந்திப்பை ஒட்டித்தான் சொல்லப்படுகிறது.

இதற்கு நேர் எதிர்க் கோடியில் ஜஹ்ம் பின் ஸஃப்வான் நின்றார். குராசான் பகுதியில் ஒரு கிளர்ச்சியில் இறங்கி 746 வாக்கில் கொல்லப்பட்டவர். அவரைப் பொறுத்தவரை உண்மையில் செயல்படுபவன் இறைவன் ஒருவன்தான். "சூரியன் மறைந்தது", "மரம் அசைந்தது" என்று நாம் சொல்வது போலத்தான் "அவன் திருடினான்" என்பதும். பேச்சு வழக்கில் செயலை அவன் தலையில் வைக்கிறோம், அவ்வளவுதான். இந்தக் கருத்துக்கு ஜபரிய்யா என்று பெயர்.

பிறகு வந்தவர்கள்தான் முஃதஸிலாக்கள். வாஸில் பின் அதா, அம்ரு பின் உபைத் இருவரிடமிருந்து பஸ்ராவில் தொடங்கிய இந்த மரபு, கதரிய்யாக்களின் கருத்தை எடுத்து ஒழுங்கான கோட்பாடாக்கியது. தங்களை நீதிக்கும் ஏகத்துவத்துக்கும் உரியவர்கள் என்று அழைத்துக்கொண்டார்கள். நீதி என்ற சொல்லில்தான் அவர்கள் வாதம் முழுவதும் நிற்கிறது. அவர்கள் சொன்னதை ஓர் உதாரணத்தில் வைத்துப் பார்ப்போம். ஒருவன் பாக்தாத் சந்தையில் அடுத்தவன் பணப்பையில் கை வைக்கிறான். அந்தக் கையை இறைவனே அசைத்து, அசைத்ததற்காக அவனை நரகத்திலும் போட்டால், அதற்கு அநியாயம் என்றுதான் பெயர். அநியாயம் கெட்டது. அது கெட்டது என்று வேதம் வந்து சொல்வதற்கு முன்பே மனித அறிவுக்குத் தெரியும். இறைவன் கெட்டதைச் செய்யமாட்டான். ஆகவே அந்தக் கையை அசைத்தவன் திருடன்தான். இறைவன் அவனுக்குச் சக்தி கொடுத்தான். கை வைப்பதற்கு முன்பே அந்தச் சக்தி அவனிடம் இருந்தது. அதை வைத்து எடுக்கவும் முடியும், எடுக்காமல் விடவும் முடியும். எடுக்காதே என்று இறைவன் கட்டளையும் இட்டான். அவன் எடுத்தான், அந்தச் செயலை அவனே உண்டாக்கினான்.

இதில் உயிர்நாடி நடுவில் வரும் அந்த ஒரு படிதான்: நல்லது கெட்டது எது என்று அறிவு தானாகவே கண்டுகொள்ளும் என்பது. பகுத்தறிவாளர்கள் என்று இவர்களைச் சொல்வது இதனால்தான். இந்தப் படியை எடுத்துவிட்டால் மொத்த வாதமும் சரிந்துவிடும். எதிர்த்தரப்பும் இதைப் புரிந்துகொண்டுதான் பின்னாளில் இங்கேயே அடித்தது.

முன்னறிவு விஷயத்தில் முஃதஸிலாக்கள் பழைய கதரிய்யாக்களைவிட எச்சரிக்கையாக இருந்தார்கள். "கதரிய்யாக்களிடம் இறைவனின் அறிவைப் பற்றிக் கேளுங்கள். ஏற்றால் தோற்றார்கள், மறுத்தால் மார்க்கத்தை மறுத்தார்கள்" என்று ஒரு வாதம் உலவியது. இமாம் ஷாஃபிஈ சொன்னதாகவும் அதைச் சொல்வார்கள். முஃதஸிலாக்கள், ஏற்கிறோம், ஆனால் தோற்கவில்லை என்றார்கள். திருடன் திருடுவான் என்று இறைவனுக்கு அநாதியிலிருந்தே தெரியும். தெரிந்திருப்பது வேறு, செய்ய வைப்பது வேறு. அறிவு அறியப்பட்டதைப் பின்பற்றுகிறதே தவிர அதை உண்டாக்குவதில்லை. எனக்கு இது அவர்களின் பலமான பதில்களில் ஒன்றாகவே படுகிறது.

மரபாளர்கள், அதாவது ஹதீஸ் வழி நின்றவர்கள், இந்த வாதத்தின் முதல் அடியையே ஏற்கவில்லை. இறைவனுடைய நீதியை மனிதனின் தராசில் நிறுக்கும் உரிமை உனக்கு யார் கொடுத்தது என்பது அவர்கள் கேள்வி. படைப்பு முழுவதும் அவனுடைய சொத்து. தன் சொத்தில் அவன் எதைச் செய்தாலும் அது அநியாயம் ஆகாது. அடுத்தவனுடையதை எடுத்தால்தானே அநியாயம்? அப்புறம், திருடனின் செயலைத் திருடனே படைத்தான் என்றால் இறைவனோடு சேர்த்து இன்னும் எத்தனை படைப்பாளிகள்? இறைவன் விரும்பாதது அவன் ஆட்சிக்குள்ளேயே நடக்கிறது என்றால் அவன் எப்படிச் சர்வ வல்லவன்?

இவர்களையும் ஜஹ்மின் ஆட்கள் என்று நினைத்துவிடக் கூடாது. இவர்கள் ஜஹ்மையும் கடுமையாக நிராகரித்தார்கள். இவர்கள் திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டியது மதீனாவின் பகீஉ மையவாடியில் ஒரு ஜனாஸாவின்போது நடந்த நிகழ்ச்சி. ஒவ்வொருவருக்கும் சொர்க்கத்திலோ நரகத்திலோ உள்ள இடம் எழுதப்பட்டுவிட்டது என்று நபிகள் நாயகம் (ஸல்) சொன்னதும், அப்படியானால் எழுதியதை நம்பிச் செயல்களை விட்டுவிடலாமா என்று கூடியிருந்தவர்கள் கேட்டார்கள். "செயல்படுங்கள், எதற்காகப் படைக்கப்பட்டாரோ அது ஒவ்வொருவருக்கும் எளிதாக்கப்படும்" என்பது பதில். எழுத்தும் உண்மை, செயல்பட வேண்டிய கடமையும் உண்மை. இரண்டும் எப்படிப் பொருந்துகின்றன என்று தோண்டாதே என்பது மரபாளர் நிலை. எகிப்தின் இமாம் தஹாவீ தம் கோட்பாட்டு நூலில் விதியைப் படைப்பினத்தில் இறைவன் வைத்த இரகசியம் என்றே எழுதினார். தீமையையும் இறைவன் நாடினானா என்று கேட்டால், நாடுவதும் பிரியப்படுவதும் ஒன்றல்ல என்றார்கள். தன் அடியார்களிடம் நிராகரிப்பை அவன் பொருந்திக்கொள்வதில்லை என்று குர்ஆன் சொல்கிறது (39:7). நடக்கவிட நாடினான், ஆனால் பிரியப்படவில்லை.

இங்கே ஒரு வழக்கமான குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். 833இல் கலீஃபா மஃமூன் தொடங்கிய விசாரணையில் இமாம் அஹ்மத் பின் ஹன்பல் சிறைப்பட்டதும் பிறகு கசையடி பட்டதும் இந்த விதி விவகாரத்துக்காக அல்ல. குர்ஆன் படைக்கப்பட்டதா இல்லையா என்பதுதான் அங்கே கேள்வி. படைக்கப்பட்டது என்பது முஃதஸிலாக்களின் கருத்து. ஆனால் அரச அதிகாரத்தைக் கையில் எடுத்து அறிஞர்களை மிரட்டிய பழி முஃதஸிலாக்கள் மேல் படிந்தது. மனித சுதந்திரத்துக்காக வாதாடியவர்கள் அந்தப் பழியோடு மக்களிடம் நிற்க வேண்டிவந்தது பெரிய சோகம். பின்னால் வந்த கலீஃபா முதவக்கில் காலத்தில் விசாரணை நின்றது, மரபாளர் செல்வாக்கு ஏறியது.

அதற்குப் பிந்தைய பெரிய திருப்பம் முஃதஸிலா வீட்டுக்குள்ளிருந்தே வந்தது. அபுல் ஹஸன் அல்அஷ்அரீ (874–936) பஸ்ராவின் முஃதஸிலாத் தலைவர் அபூ அலீ அல்ஜுப்பாயீயிடம் படித்தவர். ஆசானிடம் அவர் மூன்று சகோதரர்கள் பற்றிக் கேட்டதாக ஒரு கதை உண்டு. ஒருவர் நல்லவராக வாழ்ந்து இறந்தார், ஒருவர் பாவியாக இறந்தார், ஒருவர் சிறு பிள்ளையாகவே இறந்துவிட்டார். மறுமையில் இவர்கள் நிலை என்ன? நல்லவருக்கு உயர் பதவி, பாவிக்கு நரகம், பிள்ளை தப்பித்துக்கொள்ளும், ஆனால் உயர் பதவி இல்லை என்றார் ஆசான். "என்னை வாழவிட்டிருந்தால் நானும் நன்மை செய்து அந்தப் பதவியைப் பெற்றிருப்பேனே என்று பிள்ளை கேட்டால்?" "நீ வளர்ந்தால் பாவியாவாய் என்று தெரியும், உன் நலனுக்காகத்தான் முன்பே எடுத்துக்கொண்டேன் என்று இறைவன் சொல்வான்." உடனே அஷ்அரீ கேட்டார்: "அப்போது நரகத்திலிருந்து அந்தப் பாவி, என் எதிர்காலமும் உனக்குத் தெரியுமே, என்னையும் ஏன் பிள்ளையிலேயே எடுத்துக்கொள்ளவில்லை என்று கத்தினால்?" ஆசானிடம் பதில் இல்லை.

இந்த உரையாடல் அப்படியே நடந்ததா என்பதை ஆய்வாளர்கள் சந்தேகிக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் மிக நல்லதையே செய்வது இறைவன் மேல் கடமை என்ற கருத்தைத்தான் கதை தாக்குகிறது. அதை முழு வீச்சில் சொன்னவர்கள் பாக்தாத் முஃதஸிலாக்கள், ஜுப்பாயீ அதை மார்க்க விஷயங்களோடு நிறுத்திக்கொண்டவர். கதை எப்படியோ, கேள்வி கேள்விதான். உலகத்தில் நாம் காணும் பங்கீட்டை மனித நீதியின் கணக்கில் அடைக்க முடியாது என்பதை இதைவிடக் கூர்மையாக யாராலும் காட்ட முடியாது.

அஷ்அரீ நாற்பது வயதையொட்டி அந்தப் பள்ளியை விட்டு விலகினார். மரபாளர்களின் முடிவை எடுத்துக்கொண்டு, அதை முஃதஸிலாக்களின் தர்க்க முறையிலேயே நிறுவப் புறப்பட்டார். நல்லது கெட்டது என்பது அறிவு தானாகக் காண்பதல்ல. இறைவன் ஏவியது நல்லது, தடுத்தது கெட்டது என்றார். திருடனின் கை? அந்த அசைவைப் படைத்தவன் இறைவன். ஆனால் ஜஹ்ம் சொன்னது போல மரம் அசைவதும் இதுவும் ஒன்றல்ல. நடுக்கு நோய் வந்தவனின் கை தானாக ஆடுகிறது, நலமாக இருப்பவன் கையை நீட்டுகிறான். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை ஒவ்வொருவரும் தனக்குள் உணர்கிறோம். அந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? நீட்டும்போது அசைவோடு சேர்த்து அந்த நொடியில் ஒரு சக்தியையும் இறைவன் அவனுக்குள் படைக்கிறான். அந்தச் சக்தியோடு நிகழ்ந்ததால் அசைவு அவனுடையதாகிறது. படைத்தவன் இறைவன், ஈட்டியவன் மனிதன். இந்த ஈட்டலுக்குத்தான் கஸ்பு என்று பெயர். அஷ்அரீ இதை முதலில் கண்டுபிடிக்கவில்லை, ளிரார் பின் அம்ரு போன்றவர்கள் முன்பே பேசியிருந்தார்கள். நிலைநிறுத்தியவர் அவர்.

இதில் எது இடிக்கிறது என்பது கவனித்துப் படித்தால் தெரியும். அசைவும் இறைவன் படைப்பு, சக்தியும் இறைவன் படைப்பு, அந்தச் சக்தி அசைவை உண்டாக்குவதும் இல்லை. பிறகு மனிதன் ஈட்டினான் என்பதில் மிச்சம் என்ன? மிக நுட்பமான ஒன்றைச் சொல்ல வேண்டுமென்றால், அஷ்அரீயின் கஸ்பைவிட நுட்பமானது என்று அரபியில் சொலவடையே உருவாகிவிட்டது. அதே காலத்தில் சமர்கந்தில் இருந்த இமாம் மாதுரீதீ (இறப்பு 944) இந்த இடத்தில் மனிதனுக்குக் கூடுதல் இடம் கொடுத்தார். செயலைப் படைப்பது இறைவன்தான், ஆனால் சக்தியை இந்தப் பக்கம் திருப்புவதா அந்தப் பக்கமா என்ற தேர்வு உண்மையிலேயே மனிதனுடையது என்றார். நல்லது கெட்டதில் அறிவுக்கும் ஓரளவு பங்கு தந்தார்.

ஆக ஒவ்வொரு தரப்பும் ஒன்றை விட மறுத்தது, அதற்கு ஒரு விலையும் கொடுத்தது. முஃதஸிலாக்கள் நீதியை விடவில்லை, அதனால் மனிதனைப் படைப்பாளியாக்கி, இறைவன் மேல் கடமைகளைச் சுமத்த வேண்டிவந்தது. அஷ்அரீகள் வல்லமையை விடவில்லை, அதனால் மனிதனின் பங்கை மயிரிழையாக்கினார்கள். அஷ்அரீ மரபின் அபூ இஸ்ஹாக் அல்இஸ்ஃபராயினீயும் முஃதஸிலா மரபின் காளீ அப்துல் ஜப்பாரும் சந்தித்தபோது நடந்ததாகச் சொல்லப்படும் உரையாடல் இதை அப்படியே காட்டுகிறது. "இழிசெயல்களிலிருந்து தூய்மையானவன் புகழுக்குரியவன்" என்று ஆரம்பித்தார் அப்துல் ஜப்பார். "தன் ஆட்சியில் தான் நாடியது மட்டுமே நடப்பவன் புகழுக்குரியவன்" என்றார் மற்றவர். "தனக்கு மாறு செய்யப்படுவதை நம் இறைவன் நாடுவானா?" "தான் நாடாமலே, தன்னை மீறி மாறு செய்யப்படுவானா?" "எனக்கு நேர்வழியைத் தடுத்து அழிவை விதித்தால் எனக்கு அவன் செய்தது நன்மையா, தீமையா?" "உன்னுடையதைத் தடுத்திருந்தால் தீமை. தன்னுடையதைத் தடுத்திருந்தால், தன் அருளைத் தான் நாடியவருக்குக் கொடுக்கிறான்." அஷ்அரீகள் எழுதிவைத்த கதை என்பதால் கடைசிச் சொல் அவர்களுக்கே கிடைத்திருக்கிறது.

அதன் பிறகு சுன்னத் வல் ஜமாஅத் மரபில் அஷ்அரீ, மாதுரீதீ பள்ளிகளே நிலைத்தன. சட்டப் பள்ளிகளில் ஷாஃபிஈகள் பெரும்பாலும் முதலாவது, ஹனஃபீகள் இரண்டாவது. தமிழ் முஸ்லிம்களிலும் இந்த இரண்டு வழிகளும் வந்து சேர்ந்தன. இவற்றுக்கு வெளியே, கஸ்பு போன்ற விளக்கங்களே வேண்டாம் என்ற ஹன்பலீ மரபு தனியாகத் தொடர்ந்தது. முஃதஸிலாப் பள்ளி மெல்ல மறைந்தது. ஆனால் இறைநீதி பற்றிய அதன் வாதங்களை ஷீஆ மரபு, குறிப்பாக யமனின் ஸைதிகள், எடுத்துக்கொண்டார்கள். இதனால்தான் நீண்ட காலம் எதிரிகளின் நூல்களில் வந்த மேற்கோள்கள் வழியாகவே பெரிதும் அறியப்பட்ட முஃதஸிலாக்களை அவர்கள் சொந்த எழுத்திலேயே இன்று படிக்க முடிகிறது. அப்துல் ஜப்பார் எழுதிய, 20 பாகங்கள் கொண்ட 'அல்முஃக்னீ' நூலின் பெரும்பகுதி 1950களின் தொடக்கத்தில் யமன் கையெழுத்துப் பிரதிகளிலிருந்து கிடைத்தது. பிறகு கெய்ரோவில் அச்சானது.